பார்லருக்கு இடம் பிடிக்கும் முன் பக்கத்துப் பார்லர்களைப் பாருங்கள்

"அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, போர்டு எழுதக் கொடுத்திருக்கிறோம், திறப்பு விழாவுக்குக் குடும்பத்தோடு வர வேண்டும்" என்று உறுப்பினர்கள் சங்க அலுவலகத்தில் அழைப்பிதழ் வைத்துவிட்டுப் போவது நமக்கெல்லாம் மகிழ்ச்சியான காட்சிதான். ஆனால் எட்டு மாதம், பத்து மாதம் கழித்து அதே உறுப்பினர் வந்து, "இரண்டு சுழல் நாற்காலி, நான்கு கண்ணாடி, ஒரு ஸ்டீமர் இருக்கிறது, யாராவது வாங்குவார்களா?" என்று மெதுவாகக் கேட்கும்போதுதான் மனம் கஷ்டப்படுகிறது. மளிகை, எண்ணெய், பாத்திரம் என்று தலைமுறையாக வியாபாரம் பார்த்த குடும்பங்கள், மகளோ மருமகளோ தொழில் கற்று வந்தவுடன் பெண்களுக்கான அழகு நிலையம் வைத்துக் கொடுத்துக் கையைச் சுட்டுக்கொள்வதைப் பல ஊர்களில் பார்க்கிறோம். வேலை தெரியாமல் கெட்டவர்களைவிட, இடம் தெரியாமல் கெட்டவர்களே அதிகம் என்பது நமது கணிப்பு.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். ஒன்று, "அந்தத் தெருவில் பார்லரே இல்லை." மற்றொன்று, "அந்தத் தெருவில் ஐந்து பார்லர் நன்றாக ஓடுகிறது." இரண்டுமே பதில் அல்ல. மளிகைக்கடைப் பழக்கத்தில் நாம் போடும் கணக்கு இது. பொன்னி அரிசி கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்தால் பக்கத்துக் கடைக்காரரின் வாடிக்கையாளர் நம் படி ஏறுவார். பார்லரில் அப்படி ஏற மாட்டார். தன் புருவத்தை எந்த வளைவில் எடுக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கும் ஒரு கையை, இருபது ரூபாய் மிச்சத்துக்காக எந்தப் பெண்ணும் விட்டுவிடுவதில்லை. அந்தக் கை வேறு தெருவுக்குப் போனால் வாடிக்கையாளரும் பின்னாலேயே போகிறார்.

ஆகவே போட்டியாளர் கடையில் உட்கார்ந்திருக்கும் பெண்களை எண்ணிவிட்டு, அதில் பாதி நமக்கு வரும் என்று கணக்கிடுவது தவறு. அவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள், கேட்ட வேலை அங்கே இல்லாததால் வேறு ஊருக்குப் பஸ் ஏறுகிறவர்கள், கடை திறந்திருக்கும் நேரத்தில் வர முடியாதவர்கள், இவர்கள்தாம் புதிய கடைக்கு மிச்சமிருப்பவர்கள். சுற்றுப்புறக் கடைகளின் விலையையும் வேலையையும் வருவோரையும் ஆராய்வது இந்த மிச்சம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதற்காகத்தான்.

கொங்குப் பகுதியில் ஒரு தாலுகா தலைநகரில் மளிகைக்கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் குடும்பம் இந்தக் காரியத்தை ஒழுங்காகச் செய்தது. அவர் அனுமதியோடு, பெயரைத் தவிர்த்து, விவரத்தைத் தருகிறோம்.

இரண்டு இடங்கள்

மருமகள் பயிற்சி முடித்துவிட்டு, ஈரோட்டில் ஒரு பார்லரில் இரண்டு வருடம் வேலையும் பார்த்தவர். குடும்பம் ஒதுக்கிய முதல் மூன்று லட்சம். அதில் ஒரு பகுதி நகையை வைத்து வாங்கியது. இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, கடைவீதியில் ஜவுளிக்கடைகளுக்குப் பின்புறச் சந்தில் ஒரு தரைத்தளக் கடை. வாடகை 8,000 ரூபாய். சுற்றிலும் பத்து நிமிட நடையில் நான்கு பார்லர்கள். இரண்டாவது, ஊருக்கு வெளியே பெண்கள் கல்லூரிக்குப் போகும் வழியில், புதிதாக வீடுகள் வந்துகொண்டிருக்கும் நகரில் ஒரு கடை. வாடகை 6,500 ரூபாய். பக்கத்தில் ஒரே ஒரு பார்லர்.

மாமனாருக்கு இரண்டாவது இடம்தான் பிடித்திருந்தது. வாடகை குறைவு, போட்டி குறைவு, கல்லூரிப் பெண்கள் தினமும் கடந்து போகிறார்கள், வேறென்ன வேண்டும் என்பது அவர் வாதம். மருமகள் மட்டும், "மாமா, பதினைந்து நாள் பொறுங்கள், பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கலாம்" என்றார். கட்டடக்காரரோ, வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவசரப்படுத்தினார். கட்டடக்காரர்கள் எப்போதும் சொல்வதுதான். பதினைந்து நாளில் கைநழுவிப் போகும் கடையும் உண்டு. ஆனால் பார்க்காமல் கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது அதைவிடக் கஷ்டம்.

போர்டு இல்லாத பார்லர்கள்

முதலில் செய்ய வேண்டியது, நாம் பார்க்கும் கடையை மையமாக வைத்துப் பத்து நிமிடம் நடக்கும் தூரத்தை ஒரு தாளில் வரைந்து, உள்ளே வரும் பார்லர்களைக் குறிப்பது. புருவம் எடுக்க வருகிறவர் அதற்குமேல் நடக்க மாட்டார். போர்டு வைத்த கடைகள் எல்லோருக்கும் தெரியும். வீட்டு முன்னறையில் கண்ணாடி மாட்டிக்கொண்டு தொழில் செய்கிறவர்கள்தாம் கண்ணில் படமாட்டார்கள். வாடகை இல்லாததால் அவர்கள் விலை குறைவு. புதிய கடைக்கு உண்மையான போட்டி சில இடங்களில் அவர்களிடமிருந்துதான் வருகிறது.

அவர்களைக் கண்டுபிடிக்க மூன்று பேர் உதவுவார்கள். ஒருவர், ரவிக்கை தைக்கும் தையற்காரர். இன்னொருவர், பூக்கட்டி விற்கும் அம்மா. மூன்றாமவர், அழகுசாதனப் பொருள்களை லைனுக்குக் கொண்டுவரும் விற்பனைப் பிரதிநிதி. மளிகைக் கடைக்காரருக்கு இவர் பழக்கமானவராகவே இருப்பார். எந்தத் தெருவில் யார் பேஷியல் கிட் எடுக்கிறார், மாதத்துக்கு எத்தனை முறை எடுக்கிறார் என்று அவருக்குத் தெரியும். கடன் நிலுவை போன்ற பிறர் ரகசியங்களைத் தோண்ட வேண்டாம். எந்தப் பொருள் எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று கேட்டால் போதும். நம் சொந்தக் கடையின் விற்பனையும் ஒரு தடயம்தான். மருதாணிப் பொடியும் தலைச்சாயப் பாக்கெட்டும் நன்றாகப் போகும் தெருவில், அந்த வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளும் பழக்கம் இருக்கிறது என்று பொருள்.

நம் உறுப்பினரின் குடும்பம் இப்படி விசாரித்ததில், கல்லூரி வழியிலிருந்த அந்த ஒரே பார்லரைத் தவிர, இரண்டு வீடுகளிலும் தொழில் நடப்பது தெரியவந்தது. அதைவிட முக்கியமாக, அதே வரிசையில் முந்தைய வருடம் ஒரு பார்லர் திறந்து மூடப்பட்ட கதையும் வெளிவந்தது. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் காரணத்தைச் சொன்னார். கல்லூரி நடக்கும்போது கூட்டம் இருக்கும். தேர்வு விடுப்பு, கோடை விடுமுறை என்று வந்துவிட்டால் தெருவே வெறிச்சோடிவிடும், ஆனால் வாடகை மட்டும் மாதம் தவறாமல் வரும் என்றார். மூடிய கடைகளைப் பற்றிக் கேட்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. ஓடும் கடை சொல்லாததை மூடிய கடை சொல்லும்.

விலையைப் பலகையில் பார்க்காதீர்கள்

விலையை விசாரிப்பதற்கு நேர்மையான வழி ஒன்றுதான்: குடும்பத்துப் பெண்கள் வாடிக்கையாளராகப் போய், பணம் கொடுத்து, வேலை செய்துகொண்டு வருவது. தொலைபேசியில் விலை கேட்பதும் வெளியே தொங்கும் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்வதும் பாதி உண்மையைத்தான் தரும். பலகையில் ஒரு விலை, புதியவருக்கு ஒரு விலை, பழகியவருக்கு ஒரு விலை என்று மூன்றும் இருப்பதுண்டு. பெரிய நிறுவனங்களின் கிளைக் கடைகளில் வரி தனியாகச் சேரும். 2025 செப்டம்பர் 22 முதல் அழகு நிலையச் சேவைகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், அதற்கு முன் எழுதிவைத்த விலைகளை அப்படியே ஒப்பிட வேண்டாம்.

எல்லாக் கடையிலும் ஒரே மூன்று வேலைகளைக் கேட்க வேண்டும். நம் உறுப்பினர் வீட்டில் மாமியாரும் மகளும் மருமகளின் தோழியும் பிரித்துக்கொண்டு போனார்கள். புருவம் திருத்தும் த்ரெடிங், நுனி முடி வெட்டுதல், சாதாரணப் பழப் பேஷியல் ஆகிய மூன்றையும் விலையோடு நிற்காமல் நிமிடத்தையும் சேர்த்து எழுதினார்கள். இதுதான் அவர்கள் செய்ததில் கெட்டிக்காரத்தனமானது. கடைவீதியில் ஒரு பார்லரில் பேஷியல் 500 ரூபாய், மற்றொன்றில் 800 ரூபாய். பார்த்தால் முதலாவது மலிவு. ஆனால் 500 ரூபாய்க் கடையில் முப்பது நிமிடத்தில் முடித்து அனுப்பிவிட்டார்கள். 800 ரூபாய்க் கடையில் எழுபது நிமிடம் ஆயிற்று. நாற்காலி ஒரு மணி நேரத்தில் சம்பாதிப்பதைப் பார்த்தால், மலிவுக் கடைக்கு 1,000 ரூபாய் விகிதமும் விலை உயர்ந்த கடைக்கு 700 ரூபாய்க்குக் கீழும்தான் வருகிறது. 800 ரூபாய்க் கடையைப் பார்த்து நாமும் 700 என்று பலகை எழுதி, எழுபது நிமிடம் வேலை செய்திருந்தால், விலையும் போய் நேரமும் போயிருக்கும். மளிகையில் நமக்கு இருப்பு என்பது மூட்டை. பார்லரில் இருப்பு என்பது நாற்காலியின் மணி நேரம். இன்று விற்காத மணியை நாளைக்கு எடுத்து வைக்க முடியாது.

த்ரெடிங் கடைவீதியில் 60 ரூபாய், கல்லூரி வழியில் 40 ரூபாய். அந்த 40 ரூபாய்க்கும் கீழே வீட்டுப் பார்லர்கள் 30 ரூபாய்க்குச் செய்துகொண்டிருந்தன. வாடகை கட்டி அங்கே உட்காருகிறவர் விலையை ஏற்றவே வழியில்லை என்பது இதிலேயே தெரிந்துபோயிற்று.

கல்யாண அலங்காரத்தின் விலையை இந்தப் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அது சரிதான். மணப்பெண் அலங்காரத்துக்குக் கிடைக்கும் தொகை பெரிதாகத் தெரிந்தாலும், அந்த வேலை மண்டபத்திலோ பெண் வீட்டிலோதான் நடக்கிறது. ஒரு கல்யாணத்தில் பார்த்தவர் சொல்லி அடுத்த கல்யாணம் வருகிறது. கடை எந்தச் சந்தில் இருக்கிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. அந்த வருமானத்தை நம்பி வாடகை பேசுவது, தீபாவளி விற்பனையை நம்பி வருடம் முழுவதற்கும் கொள்முதல் செய்வது போன்றது.

எதை இல்லை என்கிறார்கள்?

ஒரு கடை என்னென்ன செய்கிறது என்பதைப் பலகையே சொல்லிவிடும். எதை இல்லையென்று சொல்கிறது என்பதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைவீதியின் நான்கு பார்லர்களிலும் முடியை நேராக்கும் வேலையைக் கேட்டார்கள். இரண்டு பேர் செய்வதில்லை என்றார்கள். ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரவழைத்துச் செய்வதாகச் சொன்னார். "ஏழு மணிக்கு மேல் வந்தால் செய்வீர்களா?" என்று நான்கு கடையிலும் கேட்டதற்கு நான்கு பேருமே முடியாது என்றார்கள். ஒருவர் ஆறரைக்கே ஷட்டரை இறக்குகிறார். நடத்துகிறவர்கள் எல்லோரும் குடும்பப் பெண்கள். வீட்டில் சமையலும் குழந்தைகளும் காத்திருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கூடவே, வாசலில் நின்றால் உள்ளே தெரிகிறதா, திரை இருக்கிறதா, கடையில் ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, தண்ணீர் குழாயில் வருகிறதா அல்லது குடத்தில் வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்தார்கள். ஒரு பார்லரில் உரிமையாளரின் கணவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பர்தா அணியும் பெண்கள் அந்தக் கடைக்குள் போவதே இல்லை என்று பூக்கார அம்மா பின்னர் சொன்னார்.

எண்ணியது யார், எப்படி

வருகிறவர்களை எண்ணுவதில் ஒரு எச்சரிக்கை. பெண்கள் வந்துபோகும் கடைக்கு எதிரே ஆண்கள் நின்று நோட்டமிடக் கூடாது. எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும் அது தவறாகத்தான் படும், வம்பும் வரும். நம் உறுப்பினரும் முதல் நாள் தானே போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பி, மனைவியின் ஒரு பார்வையில் திரும்பி வந்ததாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைவீதியில் எதிர்ப்புறம் பேன்ஸி ஸ்டோர் வைத்திருப்பவரும் நம் உறுப்பினர்தான். அவர் மனைவியின் அனுமதியோடு மாமியார் அங்கே உட்கார்ந்து எண்ணினார். காலை பதினொன்று முதல் ஒன்று வரை, மாலை நான்கு முதல் எட்டரை வரை. கல்லூரி வழியில் மகள், ஜெராக்ஸ் கடையின் பெண்மணியோடு இருந்து எண்ணினார்.

யார் உள்ளே போகிறார், எவ்வளவு நேரத்தில் வெளியே வருகிறார் என்று இரண்டே விஷயங்கள்தான் நோட்டில் எழுதப்பட்டன. கால்மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் த்ரெடிங். அரைமணி என்றால் முடி வெட்டுதல் அல்லது கை வாக்ஸிங். ஒரு மணிக்கு மேல் என்றால் பேஷியல். எந்தக் கல்லாவையும் எட்டிப் பார்க்காமலே ஒரு கடையின் வியாபாரத்தை இப்படி ஓரளவு படித்துவிடலாம். கடைவீதியில் சராசரியாகப் பத்துப் பேரில் ஆறு பேர் கால்மணி, மூன்று பேர் அரைமணி, ஒருவர் ஒரு மணிக்கு மேல். த்ரெடிங் ஆறுக்கு 360 ரூபாய், அரைமணி வேலை மூன்றுக்கு 200 வீதம் 600, பேஷியல் ஒன்றுக்கு 800. ஆக 1,760 ரூபாய். தலைக்கு ஏறக்குறைய 175 ரூபாய். கல்லூரி வழிப் பார்லருக்கு ஒரு நாளைக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் கால்மணி நேரத்துக்காரர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான மூன்றாவது கட்டம் ஒன்றும் நோட்டில் இருந்தது. வந்து, வேலை நடக்காமல் திரும்பிப் போனவர்கள். கடைவீதியில் கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்களும், ஷட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்துப் போனவர்களும் சேர்ந்து முதல் வாரம் 58 பேர். கல்லூரி வழியில் அந்த வாரம் முழுவதற்கும் நான்கே பேர். பத்து நிமிடத்தில் முடியும் வேலைக்குக் காத்திருந்தே செய்துகொண்டு போகிறார்கள். அங்கே மிச்சமென்று ஒன்றுமில்லை.

கடைவீதியில் திரும்பிப் போனவர்கள் யார் என்பதிலும் ஒரு ஒழுங்கு தெரிந்தது. ஏழு மணிக்குப் பின் வந்தவர்கள் ஜவுளிக்கடை விற்பனைப் பெண்கள், பக்கத்துத் தனியார் மருத்துவமனை நர்ஸுகள், கூட்டுறவு வங்கி ஊழியர்கள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியதால் கண்டுகொள்வது எளிதாக இருந்தது. நகைக்கடைக்கு வந்துவிட்டுத் தலையை நீட்டிப் பார்த்துப் போன குடும்பங்கள் தனி. அவர்களை வாடிக்கையாக எண்ண முடியாது.

ஆவணியும் புரட்டாசியும்

முதல் வாரத்து 58 பேரைப் பார்த்ததும் மாமனார் உடனே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று தாவினார். ஆனால் அது ஆவணிக் கடைசி, முகூர்த்த வாரம். இரண்டாவது வாரம் புரட்டாசி பிறந்துவிட்டது. அந்த வாரம் திரும்பிப் போனவர்கள் 35 பேர்தான். கல்யாண வீட்டுக்குப் போகிறவர்களால்தான் முதல் வாரம் வீங்கியிருந்தது. நம் ஊர்களில் பார்லர் வியாபாரம் பஞ்சாங்கத்தோடு ஏறி இறங்குவது. ஆடியிலும் மார்கழியிலும் எண்ணினால் நல்ல இடத்தையும் விட்டுவிடுவோம். தையிலும் ஆவணியிலும் மட்டும் எண்ணினால் மோசமான இடத்தையும் பிடித்துவிடுவோம். முடி வெட்டக் கூடாதென்று செவ்வாய், வெள்ளி பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வேறு மாதிரி. சம்பளம் வந்த வாரம் வேறு மாதிரி. ஒரு முகூர்த்த வாரமும் ஒரு வெறும் வாரமும் சேர்த்துப் பார்ப்பது குறைந்தபட்சம். கணக்குப் போடும்போது வெறும் வாரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

35 பேர் என்றால் நாளைக்கு ஐந்து பேர். அந்த ஐவரும் நம்மிடம் வந்துவிட மாட்டார்கள். பாதிப் பேர் மறுநாள் தம் பழைய கடைக்கே போவார்கள். ஆக, நாளைக்கு இரண்டரைப் பேர், மாதத்துக்கு 26 நாள் கடை திறந்தால் 65 பேர். தலைக்கு 175 வீதம் 11,375 ரூபாய். பொருள்களுக்குக் கால்பங்கு போனால் கையில் நிற்பது சுமார் 8,500.

செலவைப் பாருங்கள். வாடகை 8,000, மின்சாரம் 2,500, சில்லறை 1,500, உதவிப் பெண்ணுக்குச் சம்பளம் 10,000, மொத்தம் 22,000. மருமகளின் உழைப்புக்கு 12,000 வைத்தால் 34,000. இதற்கு நாளைக்கு 1,750 ரூபாய், அதாவது பத்து வாடிக்கையாளர் வேண்டும். நம் கணக்கிலோ இரண்டரைப் பேர்தான் உறுதி. வித்தியாசத்தைப் பார்த்ததும் வீட்டில் ஒருநாள் முழுவதும் யாரும் சரியாகப் பேசவில்லையாம்.

ஆனால் அந்த எண்கள் கடையைத் திறக்காதே என்று சொல்லவில்லை; எப்படித் திறக்க வேண்டும் என்றுதான் சொல்லின. உதவிப் பெண்ணோடு தொடங்கினால் மாதம் 13,500 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். ஆறு மாதத்துக்கு 81,000. உதவியாள் இல்லாமல் ஒரே நாற்காலியோடு தொடங்கினால் துண்டு விழுவது மாதம் 3,500. ஆறு மாதத்துக்கு 21,000. மருமகளின் சம்பளம் அதுவரை கிடையாது என்பது வேறு. அவர் அதற்குச் சம்மதித்தார். கண்ணாடி வேலைக்கும் பொய்க்கூரைக்கும் ஒதுக்கியதை வெட்டி, நகையில் ஒரு பகுதியைத் திரும்ப மீட்டுவிட்டார்கள்.

வாடகை வித்தியாசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கல்லூரி வழிக் கடை 1,500 ரூபாய் மலிவு. 26 நாளுக்குப் பிரித்தால் நாளைக்கு 58 ரூபாய்; கடைவீதியில் ஒரு நாளைக்கு ஒரு த்ரெடிங் கூடுதலாக வந்தால் சரியாகிவிடும். இந்த 1,500 ரூபாய்க்காகத்தான் மாமனார் முதலில் மற்ற இடத்தைப் பிடிவாதமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

திறந்த பிறகு

கடைவீதிச் சந்தில் ஒரு நாற்காலியோடு தொடங்கினார்கள். காலை பதினொன்றரைக்குத் திறந்து இரவு எட்டரை வரை. திரை போட்ட கதவு. ஆண்களுக்கு அனுமதி இல்லை. மாமனாரே வாசலோடு சரி. த்ரெடிங் 60 ரூபாய்தான், ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் நான்கு கடைகளும் குறைத்திருக்கும். நேரத்துக்காக வருகிறவரிடம் விலையைக் குறைத்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை. போட்டியாளர் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைக் கூடுதல் சம்பளம் சொல்லி இழுப்பதில்லை என்றும் முடிவு செய்தார்கள். ஒரே வீதியில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

கணக்கில் வராததும் நடந்தது. மூன்றாவது மாதம் ஒரு பழைய பார்லர் எட்டு மணி வரை திறந்து வைக்க ஆரம்பித்தது. நாம் எட்டிப் பார்ப்பது போலத்தானே அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள்? அந்த மாதம் வருமானம் சற்று இறங்கியது. ஆனால் அதற்குள் நர்ஸுகளில் பத்துப் பன்னிரண்டு பேர் மருமகளின் கைக்குப் பழகிவிட்டிருந்தார்கள், அவர்கள் போகவில்லை. மருத்துவமனை ஷிப்டு மாறும் நாளை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொண்டு, அந்தந்த நாளில் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிறார். மார்கழியில் கையைக் கடித்தது, தையில் சரியாயிற்று. நாளைக்குப் பத்துப் பேர் என்ற கணக்கு எட்டிப் பிடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அதன்பிறகே இரண்டாவது நாற்காலியும் உதவிப் பெண்ணும் வந்தார்கள்.

கல்லூரி வழியில் அவர்கள் விட்டுவிட்ட கடை மூன்று மாதம் பூட்டியிருந்தது. இப்போது அங்கே ஒருவர் இட்லி மாவு அரைத்து விற்கிறார். கல்லூரி விடுமுறையிலும் அந்தப் பகுதி வீடுகளில் இட்லி வேகத்தானே செய்கிறது; வியாபாரம் நன்றாகப் போகிறதாம். அவருக்கு உளுந்து போடுவது நம் உறுப்பினர்தான்.